சாய்ந்த லேப்டாப் திரையில் புதுப் படத்தைப் பொருத்துவது: நான்கு மூலைகளுக்குள் என்ன நடக்கிறது?

மேசை மேல் ஒரு லேப்டாப், கொஞ்சம் பக்கவாட்டில் நின்று எடுத்த போட்டோ. அதன் திரையில் நம்முடைய வெப்சைட் தெரிய வேண்டும். யாரைக் கேட்டாலும் "நாலு மூலையையும் இழுத்து வை, வேலை முடிந்தது" என்பார்கள். அது பொய்யில்லை. ஆனாலும் இப்படிச் செய்த படங்களில் பல, மூலைகள் நான்கும் கச்சிதமாக உட்கார்ந்த பிறகும் ஏதோ ஒட்டாமல் நிற்கும். எழுத்துகள் ஒரு பக்கம் நசுங்கியிருக்கும், வட்டமான லோகோ முட்டையாகியிருக்கும், பக்கத்தின் நடுக்கோடு திரையின் நடுவில் இருக்காது. உடனே மூலையை இரண்டு பிக்சல் இங்கே, மூன்று பிக்சல் அங்கே என்று நகர்த்திக்கொண்டே இருப்போம். பெரும்பாலும் கோளாறு மூலையில் இல்லை. எந்தக் கருவியால் இழுத்தோம், எந்த அளவுள்ள படத்தை இழுத்தோம் என்பதில்தான் இருக்கிறது.

## தூரம் போகப் போக என்ன சுருங்குகிறது?

நீளமான கூடத்தின் ஒரு முனையில் நின்று தரை டைல்ஸைப் பாருங்கள். எல்லாம் இரண்டடிக்கு இரண்டடி. காலடியில் இருக்கும் டைல் பெரிதாகத் தெரிகிறது, எதிர்ச்சுவர் ஓரத்தில் இருப்பது சிறிதாகத் தெரிகிறது. இது எல்லோருக்கும் தெரியும். பலர் கவனிக்காதது, அகலம் மட்டும் குறையவில்லை, குறுக்குக் கோடுகளுக்கு இடையிலான தூரமும் குறைந்துகொண்டே போகிறது என்பதை. கூடத்தின் சரிபாதியில் இருக்கும் குறுக்குக் கோடு, கண்ணுக்குத் தெரியும் தரையின் சரிபாதியில் இருப்பதில்லை. அது தூரத்து முனையை நோக்கித் தள்ளியே தெரியும்.

சாய்ந்த திரைக்கும் இதே கதைதான். கேமராவுக்குப் பக்கத்தில் இருக்கும் ஓரம் உயரமாகவும், தள்ளியிருக்கும் ஓரம் குட்டையாகவும் விழும். அதோடு திரையின் அருகில் உள்ள பாதி போட்டோவில் அதிக இடம் பிடிக்கும், தூரத்துப் பாதி குறைந்த இடம் பிடிக்கும். தூரத்தைப் பொறுத்து அளவு இப்படி மாறுவதுதான் பெர்ஸ்பெக்டிவ். தட்டையான ஒரு செவ்வகப் படத்தை, இந்த மாற்றம் உள்ளேயும் சரியாக நடக்கும்படி, போட்டோவில் உள்ள கோணலான நாற்கரத்துக்குள் பொருத்துவதைப் பெர்ஸ்பெக்டிவ் வார்ப் என்கிறோம்.

நான்கு மூலைகள் தெரிந்தால் போதுமா? போதும். தட்டையான பரப்பாக இருந்து, லென்ஸ் கோடுகளை வளைக்காமலும் இருந்தால், நான்கு மூலைகள் எங்கே போகின்றன என்பதை வைத்தே உள்ளே இருக்கும் ஒவ்வொரு புள்ளியும் எங்கே போக வேண்டும் என்று கணக்குப் போட்டுவிடலாம். வேறு விடை கிடையாது. அதனால்தான் "நாலு மூலை" அறிவுரை தப்பில்லை என்றேன். அந்தக் கணக்கைச் சரியாகப் போடும் கருவி வேண்டும், அவ்வளவுதான்.

## ஒரு போட்டோவை எடுத்துக் கணக்குப் பார்ப்போம்

3200 × 2400 பிக்சல் போட்டோ. லேப்டாப்பின் மூடி நேராக நிற்கிறது, இடது ஓரம் நமக்குப் பக்கத்தில். திரை 16:10. அதன் மூலைகள் விழுந்த இடங்கள் இவை (முதல் எண் இடமிருந்து, இரண்டாவது எண் மேலிருந்து):

```
மேல் இடது    1000, 600
மேல் வலது    1800, 800
கீழ் வலது    1800, 1400
கீழ் இடது    1000, 1500
```

இடது ஓரத்தின் உயரம் 900, வலது ஓரத்தின் உயரம் 600. அதாவது வலது ஓரம் கேமராவிலிருந்து ஒன்றரை மடங்கு தள்ளியிருக்கிறது. அகலம் 800 பிக்சல்.

திரையின் உண்மையான நடு எங்கே? கண்ணை மூடிக்கொண்டு 1000க்கும் 1800க்கும் நடுவில், 1400 என்போம். தப்பு. நேர்க்கோடு பெர்ஸ்பெக்டிவிலும் நேர்க்கோடாகத்தான் இருக்கும். ஆகவே செவ்வகத்தின் மூலைவிட்டங்கள் வெட்டிக்கொள்ளும் இடம், கோணலான பிறகும் நடுப்புள்ளிதான். மேல் இடதிலிருந்து கீழ் வலதுக்கு ஒரு கோடு, கீழ் இடதிலிருந்து மேல் வலதுக்கு ஒரு கோடு போடுங்கள். இரண்டும் 1480, 1080 என்ற இடத்தில் வெட்டும்.

ஆக நடு 80 பிக்சல் வலப்புறம் தள்ளியிருக்கிறது. இடது பாதிக்கு 480 பிக்சல், வலது பாதிக்கு 320. சராசரியை வைத்துப் பொருத்தும் கருவி இரண்டுக்கும் 400, 400 என்று பங்கு போட்டுவிடும். மூலைகள் நான்கும் பொருந்தியிருக்கும், உள்ளே இருப்பது மட்டும் பொய்யாக இருக்கும். கண் இதைப் பெயர் சொல்லிக் கண்டுபிடிக்காது. ஆனால் "என்னவோ சரியில்லை" என்று சொல்லிவிடும்.

இதுவரை பார்த்தது இதுதான்: ஓரங்களின் உயர வித்தியாசம் கூடக் கூட நடுப்புள்ளி தூரத்து ஓரத்தை நோக்கி அதிகமாக நகரும். மூலைவிட்டங்கள் வெட்டும் இடமே உண்மையான நடு.

## எந்தக் கருவி சரியாகக் கணக்குப் போடும்?

போட்டோஷாப்பில் இந்த வேலைக்கு ஏற்றது `Edit > Transform > Distort`. ஒவ்வொரு மூலையையும் தனித்தனியாக நகர்த்தலாம், உள்ளே பெர்ஸ்பெக்டிவ் கணக்கு சரியாக நடக்கும். `Ctrl+T` அழுத்தி, `Ctrl` விசையைப் பிடித்தபடி மூலையை இழுத்தாலும் இதேதான். மேக்கில் `Ctrl` என்ற இடத்தில் `Cmd`.

அதே மெனுவில் உள்ள மற்றவைதான் குழப்புகின்றன. `Skew` சாய்க்கும் கருவி. ஓரத்தின் நடுக் கைப்பிடியை இழுத்துச் செவ்வகத்தைச் சாய்த்தால் எதிரெதிர் ஓரங்கள் சம நீளத்திலேயே இருக்கும், 900க்கு எதிரே 600 வராது. `Perspective` ஒரு மூலையை இழுத்தால் எதிர் மூலையும் அதே அளவு எதிர்த்திசையில் நகரும். சுவரை நேர் கீழே நின்று அண்ணாந்து பார்த்து எடுத்த போட்டோவுக்கு அது சரி, நம்முடைய லேப்டாப்புக்கு உதவாது. `Warp` வளைக்கும் கருவி. அதன் மூலைப் புள்ளிகளைக் கொண்டுபோய் வைத்தால் ஓரங்கள் பொருந்தும், உள்ளே தூரத்துப் பாதி சுருங்காது. 80 பிக்சல் பிழை வருவது பெரும்பாலும் இங்கேதான்.

`Edit > Perspective Warp` என்று பெயரிலேயே இருக்கும் கருவி? அது போட்டோவில் ஏற்கெனவே இருக்கும் கட்டடம், பெட்டி போன்றவற்றின் கோணத்தை மாற்றுவதற்காக வந்தது. முதலில் `Layout` நிலையில் பரப்புகளைக் குறித்து, பிறகு `Warp` நிலையில் நகர்த்த வேண்டும். வெளியிலிருந்து கொண்டுவந்த ஒரு ஸ்க்ரீன்ஷாட்டை ஒரே ஒரு தட்டையான திரையில் வைக்க அது தலையைச் சுற்றி மூக்கைத் தொடும் வழி.

ஜிம்ப்பில் `Perspective` கருவி, குறுக்குவிசை `Shift+P`. போட்டோஷாப்பின் அதே பெயர் கொண்ட கட்டளையிலிருந்து வேறுபட்டது, இதில் நான்கு மூலைகளும் தனித்தனியாக நகரும். கணக்கும் சரி.

சில எளிய ஆப்கள் படத்தை இரண்டு முக்கோணங்களாக வெட்டி ஒட்டிவிடுகின்றன. ஒரு கட்டம் போட்ட படத்தை உள்ளே வைத்துப் பார்த்தால் உடனே தெரிந்துவிடும்: மூலைவிட்டத்தின் மேல் கோடுகள் முட்டி மடங்குவது போல ஒடிந்து திரும்பும். 1994இல் வந்த முதல் பிளேஸ்டேஷனில் தரையும் சுவரும் நெளிந்து ஆடியதற்கும் இதுதான் காரணம். அந்த எந்திரம் முக்கோணத்துக்குள் தூரத்தைக் கணக்கில் எடுக்காமலே படத்தை நிரப்பியது.

## விகிதம்: மூலை பொருந்தினாலும் கெடுப்பது

நீள அகல விகிதம் என்பது திரையின் அகலத்துக்கும் உயரத்துக்கும் உள்ள தொடர்பு. நம் போட்டோவில் திரை 800 அகலம், சராசரி 750 உயரம். பார்த்தால் ஏறக்குறைய சதுரம். ஆனால் அது 16:10 திரை. பக்கவாட்டில் நின்று எடுத்ததால் அகலம் ஒடுங்கிவிட்டது. ஆகவே போட்டோவில் ஸ்கேல் வைத்து அளந்து விகிதத்தைச் சொல்ல முடியாது. லேப்டாப்பின் மாடலைத் தெரிந்துகொள்வதுதான் நல்ல வழி. 1920 × 1080 என்றால் 16:9. 1920 × 1200, 2560 × 1600 என்றால் 16:10. மைக்ரோசாஃப்ட் சர்ஃபேஸ் லேப்டாப் என்றால் 3:2.

தவறான விகிதத்தில் வைத்தால் எந்த மென்பொருளும் எச்சரிக்காது. 16:9 ஸ்க்ரீன்ஷாட்டை 16:10 திரையின் நான்கு மூலைக்கும் இழுத்தால் அது அமைதியாகப் பொருந்திவிடும், உள்ளே இருக்கும் முகங்கள் மட்டும் பத்தில் ஒரு பங்கு ஒல்லியாகிவிடும். இழுப்பதற்கு முன்பே விகிதத்தைச் சரிசெய்ய வேண்டும். 1920 × 1080 படத்தை 16:10 ஆக்க, பக்கவாட்டில் வெட்டி 1728 × 1080 ஆக்கலாம். வெட்ட மனமில்லை என்றால் 1920 × 1200 கேன்வாஸில் வைத்து, மேலும் கீழும் 60 பிக்சல் பட்டையை வெப்சைட்டின் பின்னணி நிறத்தால் நிரப்பலாம்.

சுவரில் மாட்டிய போட்டோ சட்டகத்துக்குள் புதுப் படம் வைப்பதற்கும் இதே கணக்குதான். 12 × 18 அங்குல பிரேமின் விகிதம் 2:3, 8 × 10 அங்குலம் என்றால் 4:5. உள்ளே படத்தைச் சுற்றி மவுண்ட் அட்டை இருந்தால் கடையில் சொல்லும் பிரேம் அளவை விட்டுவிட்டு, அட்டையின் திறப்பு அளவை எடுங்கள்.

## போட்டோஷாப்பில் செய்முறை

முதலில் திரையின் உண்மையான மூலைகளைக் கண்டுபிடிக்க வேண்டும். நிறைய லேப்டாப்களில் திரையின் மூலை வளைவாக இருக்கும், அல்லது இருட்டான திரைக்கும் கறுப்பு விளிம்புக்கும் வித்தியாசம் தெரியாது. வளைவின் மேல் குத்துமதிப்பாகப் புள்ளி வைக்காதீர்கள். படத்தை 300 சதவீதம் பெரிதாக்கி, `Line` கருவியால் நான்கு ஓரங்களின் நேரான பகுதிகளின் மேலும் மெல்லிய கோடு போட்டு, மூலையைத் தாண்டி நீட்டுங்கள். கோடுகள் எங்கே வெட்டுகின்றனவோ அதுதான் மூலை. நீளமான ஓரத்தை வைத்துப் போடும் கோடு, மூலையைக் கண்ணால் தேடுவதைவிடப் பல மடங்கு நம்பகமானது.

அடுத்து, சரியான விகிதத்தில் தயாராக இருக்கும் படத்தை `File > Place Embedded` வழியாகக் கொண்டுவாருங்கள். அது ஸ்மார்ட் ஆப்ஜெக்ட்டாக வந்து சேரும். மூலப்படத்தை உள்ளே பத்திரமாக வைத்துக்கொண்டு, வெளியே மட்டும் இழுப்பதைக் காட்டும் அடுக்குதான் ஸ்மார்ட் ஆப்ஜெக்ட். இது வெறும் வசதி இல்லை. சாதாரண அடுக்கில் `Enter` தட்டியபின் மறுபடி `Ctrl+T` அழுத்தினால் நீங்கள் வைத்த நான்கு மூலைகளும் மறந்துபோய், சுற்றிலும் ஒரு புதுச் செவ்வகம் வந்து நிற்கும். திருத்தத் திருத்தப் படம் மங்கும். ஸ்மார்ட் ஆப்ஜெக்ட்டில் மூலைகள் விட்ட இடத்திலேயே இருக்கும், எத்தனை முறை திருத்தினாலும் கணக்கு மூலப்படத்திலிருந்தே தொடங்கும்.

அடுக்கின் `Opacity` ஐ 50 சதவீதமாக்கிக்கொள்ளுங்கள், கீழே உள்ள கோடுகள் தெரிய வேண்டும். `View > Snap` ஐ அணைத்துவிடுங்கள். இல்லையென்றால் மூலை நீங்கள் வைக்கும் இடத்தை விட்டு எங்காவது துள்ளி ஒட்டிக்கொள்ளும். இப்போது `Ctrl+T`, வலது கிளிக், `Distort`. நான்கு மூலைகளையும் கோடுகள் வெட்டும் இடத்தில் வையுங்கள். முதலில் நான்கையும் தோராயமாகக் கொண்டுபோய்விட்டு, பிறகு பெரிதாக்கி ஒவ்வொன்றாக நுணுக்கமாக நகர்த்துவது எளிது. `Enter`. `Opacity` மறுபடி 100.

ஜிம்ப்பில் செய்கிறவர்கள் மூல அடுக்கின் நகல் ஒன்றை மறைத்து வைத்துக்கொண்டு, இழுப்பதை ஒரே தடவையில் முடியுங்கள். சரியில்லை என்றால் இழுத்ததையே திரும்ப இழுக்காமல், நகலிலிருந்து புதிதாகத் தொடங்குங்கள்.

## சரியாக வந்ததா என்று பார்க்க வெப்கேம் போதும்

இழுத்து முடித்ததும் கண்ணை நம்பாமல் சோதிக்க ஒரு வழி இருக்கிறது. படத்தின் அதே அளவில் ஒரு சோதனை அட்டை தயார்செய்யுங்கள்: வெள்ளைப் பின்னணி, 100 பிக்சல் கட்டங்கள், இரண்டு மூலைவிட்டங்கள், நடுவில் ஒரு செங்குத்துக் கோடு. ஸ்மார்ட் ஆப்ஜெக்ட்டை இரண்டு முறை கிளிக் செய்து, உள்ளே இந்த அட்டையை மேலே வைத்துச் சேமித்தால் போட்டோவில் அதுவும் அதே கோணத்தில் தெரியும்.

இப்போது நடுக்கோட்டை மேல்நோக்கி நீட்டிப் பாருங்கள். பெரும்பாலான லேப்டாப்களில் வெப்கேம் திரைக்கு மேலே சரியாக நடுவில் இருக்கிறது. கோடு வெப்கேமைத் தொட வேண்டும். நம் உதாரணத்தில் இடது, வலது ஓரங்கள் இரண்டும் செங்குத்தாக இருப்பதால் நடுக்கோடும் 1480இல் செங்குத்தாக நிற்கும், வெப்கேமும் 1480க்கு நேர் மேலே இருக்கும். கோடு 1400 பக்கம் போனால் கருவி தப்பு, `Warp` மாதிரி எதையோ பயன்படுத்தியிருக்கிறீர்கள். 1480இலிருந்து ஐந்தாறு பிக்சல் மட்டும் விலகினால் ஏதோ ஒரு மூலை தப்பு. திரைக்குக் கீழே விளிம்பின் நடுவில் நிறுவனத்தின் பெயர் அச்சிட்டிருந்தால் இன்னும் நல்லது, இரண்டு புள்ளிகள் கிடைத்துவிடுகின்றன.

இந்தச் சோதனை விகிதப் பிழையைக் கண்டுபிடிக்காது என்பதையும் நினைவில் வையுங்கள். ஒல்லியான முகத்துக்கும் நடுக்கோடு நடுவில்தான் இருக்கும்.

சுருக்கமாக: நடு பெரிய அளவில் தள்ளியிருந்தால் கருவியைச் சந்தேகியுங்கள், சிறிய அளவில் தள்ளியிருந்தால் மூலையை. நடு சரியாக இருந்தும் உருவங்கள் நசுங்கியிருந்தால் விகிதம்.

## தூரத்து ஓரத்தில் எழுத்து கரைவது ஏன்?

1600 × 1000 ஸ்க்ரீன்ஷாட்டை நம் நாற்கரத்தில் வைத்தால், இடது ஓரத்தில் அகலவாட்டில் நான்கில் மூன்று பங்கு அளவுக்குச் சுருங்குகிறது. வலது ஓரத்துக்குப் போகும்போது மூன்றில் ஒரு பங்கு. அங்கே மூன்று பிக்சல் அகலமான கோடு ஒரு பிக்சலாகிவிடும். ஒரு பிக்சல் கோடு? சில இடத்தில் தெரியும், சில இடத்தில் காணாமல் போகும். அட்டவணைகளின் மெல்லிய கட்டங்கள் புள்ளி புள்ளியாக மின்னுவது இதனால்தான்.

பலர் இதற்கு மருந்தாக 4கே ஸ்க்ரீன்ஷாட்டைக் கொண்டுவருகிறார்கள். அது நோயை வளர்க்கும். இன்னும் அதிகப் பிக்சல்களை அதே சிறிய இடத்தில் நெருக்க வேண்டியிருப்பதால் மெல்லிய கோடுகள் மேலும் உடையும். உள்ளே வைக்கும் படத்தை, போட்டோவில் திரை பிடிக்கும் மிகப் பெரிய அளவைவிடக் கொஞ்சம் பெரியதாக, ஒன்றரை மடங்குக்குள் வைத்துக்கொண்டால் போதும். பிரௌசரை 125 அல்லது 150 சதவீதம் பெரிதாக்கி ஸ்க்ரீன்ஷாட் எடுத்தால் எழுத்தும் தடிக்கும். படிக்கவேண்டிய விஷயத்தைக் கேமராவுக்கு அருகில் உள்ள பாதியில் வையுங்கள், தூரத்துப் பாதியை யாரும் படிக்கப் போவதில்லை.

## கணக்கு சரி, ஆனாலும் ஒட்டவில்லை என்றால்

பெர்ஸ்பெக்டிவ் சரியாக இருந்தும் போலியாகத் தெரிகிற படங்களில் பழி மூலைகளின் மேல் விழும். உண்மையில் குற்றவாளி பெரும்பாலும் வெளிச்சம். போட்டோவில் பெரும்பாலும் முழுக் கறுப்பு இருக்காது, ஸ்க்ரீன்ஷாட்டில் இருக்கும். `Levels` இல் `Output Levels` இன் கறுப்பை 0இலிருந்து 12, 15 என்று உயர்த்தினாலே பாதி ஒட்டிவிடும். அணைந்திருந்த திரையில் ஜன்னல் வெளிச்சம் பிரதிபலித்திருந்தால் அதைத் தூக்கி எறியாதீர்கள். போட்டோ அடுக்கின் நகலை மேலே வைத்து, திரைப் பகுதி மட்டும் தெரியும்படி மாஸ்க் போட்டு, பிளெண்ட் மோடை `Screen` ஆக்குங்கள். மாஸ்க் என்பது அடுக்கில் எது தெரிய வேண்டும், எது மறைய வேண்டும் என்று சொல்லும் கறுப்பு வெள்ளைப் படம். பிளெண்ட் மோட் என்பது மேல் அடுக்கு கீழ் அடுக்கோடு கலக்கும் விதம். `Screen` இல் கறுப்பு மறைந்துவிடும், பளபளப்பு மட்டும் நம் வெப்சைட்டின் மேல் தங்கும். திரை முன்பே எரிந்துகொண்டிருந்தால் இந்த வழி கிடையாது. அதனால் போட்டோ எடுக்கும்போதே திரையை அணைத்துவிடச் சொல்வது நல்லது.

சட்டகத்தில் இன்னொரு சிக்கல் உண்டு. படம் பிரேமின் முன்பக்கத்தைவிடச் சில மில்லிமீட்டர் உள்ளே தள்ளி இருக்கிறது. பக்கவாட்டில் பார்க்கும்போது, நமக்கு அருகில் இருக்கும் பிரேம் ஓரம் படத்தின் ஒரு துளியை மறைக்கும். ஆகவே தெரியும் திறப்பின் விளிம்பிலேயே மூலையை நிறுத்தாமல், இரண்டு மூன்று பிக்சல் வெளியே வைத்து, திறப்பின் வடிவத்தில் மாஸ்க் போட்டு மறையுங்கள். பிரேமின் நிழல் எந்த ஓரத்தில் விழுகிறதோ, அங்கே படத்தின் மேலும் அதே நிழலை `Multiply` மோடில் மெல்லியதாகப் போட வேண்டும். திரையின் முன்னால் ஒரு விரலோ செடியின் இலையோ இருந்தால், இழுத்து முடித்த பிறகு மாஸ்க்கில் அந்த இடத்தைக் கறுப்பாக்குங்கள்.

## நான்கு மூலைகள் போதாத இடங்கள்

மேல் ஓரத்தின் இரு மூலைகளையும் இணைத்து ஒரு நேர்க்கோடு போட்டுப் பாருங்கள். நடுவில் திரையின் ஓரம் கோட்டிலிருந்து விலகி வெளியே புடைத்திருந்தால், லென்ஸ் நேர்க்கோடுகளை வளைத்திருக்கிறது. அகலக் கோணக் கேமராவில், போட்டோவின் ஓரத்தருகே இருக்கும் திரைகளில் இது சகஜம். ஒன்றிரண்டு பிக்சல் என்றால் விட்டுவிடலாம். அதற்கு மேல் என்றால், வேலையைத் தொடங்கும் முன்பே போட்டோவுக்கு `Filter > Lens Correction` கொடுத்து ஓரங்களை நேராக்குங்கள், மூலைகளை அதன் பிறகு குறியுங்கள். வரிசை மாறினால் இரண்டு தடவை வேலை.

வளைந்த மானிட்டர், விரித்த புத்தகத்தின் பக்கம், காபி கோப்பையின் மேல் லேபிள் இவற்றுக்கு இந்தக் கணக்கு பொருந்தாது. பரப்பே தட்டை இல்லை. அங்கேதான் `Warp` க்கு வேலை வருகிறது: முதலில் `Distort` கொண்டு நான்கு மூலைகளையும் வைத்துவிட்டு, அதே ஸ்மார்ட் ஆப்ஜெக்ட்டில் `Warp` க்கு மாறி, மேல் கீழ் ஓரங்களின் கைப்பிடிகளை மட்டும் வளைவுக்கு ஏற்ப நகர்த்துங்கள். மூலைகளைத் தொடாதீர்கள்.